வளைவும் குவிமாடமும் பாரத்தை எங்கே தள்ளுகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கட்டடங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன: வளைவு பாரத்தைக் கீழே இறக்குகிறது என்று எல்லோருக்கும் தெரிகிறது, அது பக்கவாட்டிலும் தள்ளுகிறது என்பது மட்டும் மனதில் நிற்பதில்லை. அதனால் கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே வைத்து, முதலில் எளிமையானவை, அப்புறம் சிக்கலானவை என்று இங்கே தொகுத்திருக்கிறேன்.

தனித்தனிக் கல்லா அடுக்கியிருக்காங்க, நடுவுல இருக்கிற கல் ஏன் கீழ விழல?

வளைவில் உள்ள ஒவ்வொரு கல்லும் ஆப்பு வடிவத்தில் இருக்கும், மேலே அகலம், கீழே குறுகல். அந்தக் கல் கீழே இறங்க வேண்டுமென்றால் இரண்டு பக்கத்துக் கற்களும் விலகி வழிவிட வேண்டும். அவை விலக முடியாது, ஏனென்றால் அவற்றை அவற்றின் பக்கத்துக் கற்கள் பிடித்திருக்கின்றன. இப்படியே ஒன்று இன்னொன்றை நெருக்கிக்கொண்டு போய், கடைசியில் இரண்டு முனைகளிலும் உள்ள சுவரில் அந்த நெருக்கம் போய்ச் சேர்கிறது.

அங்கே வந்து சேரும் விசை நேராகக் கீழ்நோக்கி வருவதில்லை, சாய்வாக வருகிறது. சாய்வான விசையை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம்: ஒரு பங்கு கீழே அழுத்துகிறது, இன்னொரு பங்கு சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. இரண்டு சீட்டுகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திப் பாருங்கள், மேலே லேசாக அழுத்தினால் அவற்றின் அடி இரண்டும் வெளியே வழுக்கிப் போகும். வளைவின் கதையும் அதேதான். அந்த அடி நகராமல் இருக்கும்வரை வளைவு நிற்கும்.

நேரா ஒரு நீளமான கல்லைப் படுக்க வெச்சா வேலை முடிஞ்சிடுமே, எதுக்கு இவ்வளவு சிரமம்?

சின்ன இடைவெளிக்கு அது சரிதான். ஆனால் படுக்க வைத்த கல் உத்திரம் பாரம் ஏறும்போது லேசாக வளையும், அப்போது அதன் மேல்பக்கம் நெருங்கும், அடிப்பக்கம் இழுபடும். கல் நெருக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால்தான் பழைய கல் மண்டபங்களில் தூண்கள் அவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன, கல்லின் நீளத்தைக் கூட்டினால் நடுவில் அடியிலிருந்து விரிசல் விடும்.

வளைவில் கற்களுக்கு இடையே நெருக்கம் மட்டுமே இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். இழுப்பே இல்லாததால் சுண்ணாம்புச் சாந்து பலவீனமாக இருந்தாலும் பரவாயில்லை, சாந்தே இல்லாமல் கட்டிய வளைவுகளும் நிற்கின்றன. இதற்குக் கொடுக்கும் விலைதான் அந்தப் பக்கவாட்டுத் தள்ளல். உத்திரம் சுவரைக் கீழே மட்டும் அழுத்தும், வளைவு அதே சுவரை வெளியேயும் தள்ளும்.

அந்தத் தள்ளல் எவ்வளவு இருக்கும்? சும்மா கொஞ்சம்தானே?

கொஞ்சமில்லை. ஒரு உதாரணத்தைப் போட்டே பார்க்கலாம். 4 மீட்டர் அகலத் திறப்பு, வளைவின் உயரம் 1 மீட்டர், மேலே மீட்டருக்கு 2 டன் பாரம் சீராகப் பரவியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 8 டன், ஒவ்வொரு முனையும் 4 டன்னைக் கீழ்நோக்கித் தாங்குகிறது. இப்போது வளைவை நட்டநடுவில் வெட்டி, ஒரு பாதியை மட்டும் யோசியுங்கள். அந்தப் பாதியின் 4 டன் பாரம், முனையிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்கிறது, அது பாதி வளைவை உள்பக்கமாகக் கவிழ்க்கப் பார்க்கிறது. கவிழாமல் தடுப்பது எதிர்ப் பாதி உச்சியில் கொடுக்கும் கிடைமட்ட முட்டு, அது முனையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 4 டன் × 1 மீட்டர் கவிழ்ப்புக்கு ஈடாக 1 மீட்டர் உயரத்தில் 4 டன் முட்டு வேண்டும். ஆகவே தள்ளல் 4 டன், கீழே இறங்கும் பாரத்துக்குச் சமம்.

இதைச் சுருக்கினால் சூத்திரம் இப்படி வரும்: H = wL²/(8h). இதில் H தள்ளல், w மீட்டருக்கு வரும் பாரம், L திறப்பின் அகலம், h வளைவின் உயரம். h வகுக்கும் இடத்தில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். உயரத்தை 2 மீட்டராக்கினால் தள்ளல் 2 டன்னாகிவிடும், அரை மீட்டராகக் குறைத்தால் 8 டன்னுக்குப் போய்விடும். தட்டையான வளைவு பார்க்க அமைதியாக இருக்கும், சுவரைப் போட்டு வாட்டுவது அதுதான். கூர்மையாக உயர்ந்த வளைவுகள் பெரிய தேவாலயங்களிலும் மசூதிகளிலும் விரும்பப்பட்டதற்கு அழகு மட்டும் காரணமில்லை.

உச்சியில இருக்கிற சாவிக்கல்தான் எல்லாப் பாரத்தையும் பிடிச்சு நிறுத்துதுன்னு சொல்றாங்களே?

இல்லை. மேலே போட்ட கணக்கிலேயே பாருங்கள்: உச்சியில் உள்ள விசை 4 டன் கிடைமட்டத் தள்ளல் மட்டும். முனையில் அதே 4 டன் கிடைமட்டத்தோடு 4 டன் செங்குத்தும் சேர்ந்து, சாய்வாக ஏறக்குறைய 5.7 டன் ஆகிறது. வளைவிலேயே குறைந்த விசையைப் பார்ப்பது உச்சிக்கல்தான், அதிகமாக நெருக்கப்படுவது அடியில் உள்ள கற்கள்.

சாவிக்கல் கடைசியாக வைக்கப்படுவதால் அந்தப் பெயரும் பெருமையும் வந்தன. அதை வைக்கும்வரை கற்களெல்லாம் சென்டரிங்கின் மேல், அதாவது மரச்சட்டத்தின் மேல் படுத்திருக்கும். அது உள்ளே போனதும் வட்டம் மூடிவிடும், சட்டத்தைத் தளர்த்தினால் கற்கள் தாங்களே ஒன்றையொன்று தாங்கத் தொடங்கும். எந்தக் கல்லை உருவினாலும் வளைவு விழும், அந்த வகையில் எல்லாக் கல்லும் சாவிக்கல்தான்.

சரி, அந்த 4 டன் தள்ளலை யார் தாங்குறது?

மூன்று வழி உண்டு: கனமான சுவர், குறுக்கே கட்டிய இரும்புக் கம்பி, அல்லது எதிர்ப்பக்கமிருந்து தள்ளும் இன்னொரு வளைவு.

முதலில் சுவர். நம் உதாரணத்தில் வளைவு தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் தொடங்குகிறது, சுவரும் அந்த உயரத்தோடு நிற்கிறது, ஒரு கன மீட்டர் கட்டுமானம் 2 டன் எடை, எல்லாக் கணக்கும் சுவரின் நீளவாக்கில் 1 மீட்டருக்கு. 4 டன் தள்ளல் 3 மீட்டர் உயரத்தில் வேலை செய்வதால் சுவரை அதன் வெளி விளிம்பைச் சுற்றிக் கவிழ்க்கப் பார்க்கிறது. எதிர்த்து நிற்பது சுவரின் சொந்த எடையும், வளைவு அதன் உள்விளிம்பில் இறக்கும் 4 டன்னும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1.4 மீட்டர் தடிமனில் சுவர் கவிழும் விளிம்பில் நிற்கும். அது போதாது. விசைகளெல்லாம் சேர்ந்த கோடு சுவரின் அடியில் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் விழுந்தால்தான் எந்தப் பக்கமும் வாய் திறக்காது, அதற்கு 2.4 மீட்டர் தடிமன் வேண்டும். 4 மீட்டர் திறப்புக்கு இருபக்கமும் 2.4 மீட்டர் சுவர்!

இங்கே எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. அதே சுவரை வளைவுக்கு மேலேயும் 3 மீட்டர் உயர்த்தினால் தேவையான தடிமன் 1.9 மீட்டருக்கு இறங்கிவிடும். மேலே எடை ஏற ஏற, சாய்வாக வரும் விசை செங்குத்தை நோக்கித் திரும்புகிறது. ஐரோப்பியத் தேவாலயங்களில் முட்டுச்சுவர்களின் தலையில் கூர்மையான கல் சிகரங்கள் நிற்பதைப் பார்த்து வெறும் அலங்காரம் என்று நினைப்பார்கள், அவற்றின் எடையும் இந்த வேலையில் சேர்கிறது.

இரும்புக் கம்பியின் கணக்கு இதற்கு நேர்மாறு. வளைவின் இரண்டு அடிகளையும் ஒன்றோடொன்று கட்டிவிட்டால் தள்ளல் சுவருக்கே போகாது. 4 டன் இழுப்புக்கு 25 மி.மீ. தடிமன் உள்ள ஒரே ஒரு சாதாரண எஃகுக் கம்பி தாராளம். 2.4 மீட்டர் சுவரின் வேலையை ஒரு கம்பி செய்கிறது, ஆனால் துருப்பிடித்தாலோ அறுந்தாலோ முன்னறிவிப்பு அதிகம் கிடைக்காது.

பாலத்துல வரிசையா வளைவு இருக்கு, நடுத்தூண் மட்டும் ஒல்லியா இருக்கே, அது எப்படி?

அதுதான் மூன்றாவது வழி. நடுத்தூணை இடப்பக்க வளைவு வலது பக்கமாகத் தள்ளுகிறது, வலப்பக்க வளைவு இடது பக்கமாகத் தள்ளுகிறது. இரண்டும் சமமானால் தூணுக்கு மிஞ்சுவது கீழ்நோக்கிய பாரம் மட்டும். முழுத் தள்ளலும் இரண்டு கடைசியில் உள்ள கரைச்சுவர்களுக்குப் போய்விடும், அவை மட்டும் பெருத்து இருக்கும்.

பாரிஸ் அருகே நெய்யீ பாலத்தில் பெரோனே என்ற பொறியாளர் இதைத் துணிந்து பயன்படுத்தினார். ஏறக்குறைய 39 மீட்டர் அகலமுள்ள ஐந்து வளைவுகள், நடுத்தூண்கள் 4.2 மீட்டர் தடிமன்தான், அதாவது ஒன்பதில் ஒரு பங்கு. அதற்கு முன் ஐந்தில் ஒரு பங்கு வைப்பது வழக்கம். ஆனால் இப்படி ஒல்லியாக வைத்தால் ஒரு வளைவை மட்டும் கட்டி முடித்துச் சட்டத்தைக் கழற்ற முடியாது, தூண் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அதனால் ஐந்தையும் சேர்த்துக் கட்டி, 1772-ல் சட்டங்களைச் சேர்த்தே எடுத்தார்கள். பின்னாளில் ஒரு வளைவு வெள்ளத்திலோ குண்டுவீச்சிலோ போனால் மற்றவையும் சீட்டுக்கட்டு மாதிரி சரியக்கூடிய ஆபத்து இந்த வகைப் பாலங்களில் உண்டு. அதனால்தான் சில நீண்ட பாலங்களில் நான்கைந்து தூண்களுக்கு ஒரு தடித்த தூணை வேண்டுமென்றே வைப்பார்கள்.

பாரம் அதிகமானா வளைவு நசுங்கி விழுமா?

கல் வளைவு நசுங்கி விழுவது மிக அரிது, கல்லின் தாங்குதிறனில் சின்னப் பங்குதான் பயன்படுகிறது. வளைவு விழுவது பெரும்பாலும் பாரம் தவறான இடத்தில் இருப்பதால்.

1675-ல் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானி ஒரு வாக்கியத்தை எழுத்துகளைக் கலைத்துப் புதிராக வெளியிட்டார். அவிழ்த்தால் அதன் பொருள் இதுதான்: தொங்கும் சங்கிலியின் வடிவத்தை அப்படியே தலைகீழாக்கினால், நிற்கும் வளைவின் வடிவம் கிடைக்கும். சங்கிலியில் இழுப்பு மட்டும், தலைகீழாக்கினால் நெருக்கம் மட்டும். பாரம் எப்படிப் பரவியிருக்கிறதோ அதற்கேற்ப இந்தக் கோட்டின் வடிவம் மாறும். அந்தக் கோடு கற்களின் தடிமனுக்குள் எங்காவது ஓட இடம் இருந்தால் வளைவு நிற்கும், வெளியே போனால் விழும். அரைவட்டம் சங்கிலி வடிவமில்லை. அதனால் தன் எடையை மட்டும் தாங்கும் அரைவட்ட வளைவுக்குக்கூட, ஆரத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான தடிமன் வேண்டும், இல்லாவிட்டால் கோடு உள்ளே அடங்காது. பழைய கட்டடங்களில் வளைவின் தோள்களில், அதாவது உச்சிக்கும் முனைக்கும் இடைப்பட்ட பகுதியில், கல்லும் மண்ணும் நிரப்பியிருப்பது இந்தக் கோட்டை உள்ளே வைத்துக்கொள்ள உதவுகிறது.

நிரப்புவதிலும் அளவு தப்பலாம். வேல்ஸில் பொன்டிபிரித் என்ற இடத்தில் வில்லியம் எட்வர்ட்ஸ் கட்டிய ஏறக்குறைய 43 மீட்டர் ஒற்றை வளைவுப் பாலத்தில், முந்தைய முயற்சி ஒன்று விழுந்ததற்குக் காரணம் தோள்களில் ஏறிய பாரம். தோள்கள் அமுங்க, லேசாக இருந்த உச்சி மேலே கிளம்பிவிட்டது. 1756-ல் நின்ற பாலத்தில் ஒவ்வொரு தோளிலும் மூன்று உருளைத் துளைகளை விட்டு எடையைக் குறைத்தார். அந்தத் துளைகளோடு பாலம் இன்றும் நிற்கிறது.

வளைவோட நடுவுல விரிசல் இருக்கு, இடிஞ்சிடுமா?

முதலில் விரிசல் எந்தப் பக்கம் வாய் திறந்திருக்கிறது என்று பாருங்கள். சுவர்கள் சில மி.மீ. வெளியே நகர்ந்தாலும் திறப்பு அகலமாகும், உச்சி சற்று இறங்கும். அப்போது உச்சியில் விரிசல் அடிப்பக்கமாகத் திறக்கும், தோள்களுக்கு அருகே மேல்பக்கமாகத் திறக்கும். மேல்பக்க விரிசல் பூச்சுக்கும் நிரப்புக்கும் அடியில் மறைந்திருப்பதால் நடுவில் ஒன்று மட்டும் கண்ணில் படும். இந்த இடங்களெல்லாம் கீல் மாதிரி வேலை செய்கின்றன. மூன்று கீல் வந்தாலும் வளைவு நிலையாகவே நிற்கும், புதிய இடத்துக்குத் தன்னைப் பொருத்திக்கொண்டது என்றுதான் அர்த்தம். பல நூற்றாண்டுகளாக அப்படியே நிற்கும் வளைவுகள் நிறைய.

நான்காவது கீல் வந்தால்தான் வளைவு மடங்கிச் சரியும். அதனால் விரிசல் இருக்கிறதா என்பதைவிட, அது வளர்கிறதா என்பதுதான் கேள்வி. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய ஜிப்சம் பட்டை ஒன்று பூசி அதன் மேல் தேதி எழுதி வையுங்கள், ஒரு வருடத்தின் எல்லாப் பருவமும் கடந்தும் பட்டை உடையாமல் இருந்தால் அசைவு நின்றுவிட்டது. உடைந்தால் வளைவைப் பூசி மறைக்க வேண்டாம், சுவரின் அடித்தளத்தைப் பாருங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

குவிமாடம்னா வளைவைச் சுத்திவிட்டதுதானே? அதே தள்ளல்தானா?

பாதி சரி. குவிமாடத்தை ஆரஞ்சுச் சுளை மாதிரி செங்குத்தாக வெட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு சுளை ஜோடியும் ஒரு வளைவு. ஆனால் குவிமாடத்தில் கூடுதலாக வட்ட வரிசைகள் இருக்கின்றன, ஒவ்வொரு வரிசையும் ஒரு வளையம். மேல்பகுதியில் கற்கள் உள்ளே சரியப் பார்க்கும்போது அந்த வளையம் இறுகி அவற்றை நிறுத்துகிறது. அதனால்தான் சாவிக்கல் இல்லாமலே குவிமாடம் நிற்கும், ரோமில் உள்ள பாந்தியன் என்ற பழைய கோயிலின் குவிமாட உச்சியில் எட்டு மீட்டருக்கும் மேல் அகலமான திறந்த துவாரமே இருக்கிறது. வளைவில் இதை நினைத்தே பார்க்க முடியாது.

கீழ்ப்பகுதியில் கதை மாறுகிறது. சீரான தடிமனுள்ள அரைக்கோளத்தில், உச்சியிலிருந்து ஏறக்குறைய 52 டிகிரிக்குக் கீழே உள்ள வளையங்கள் இறுகுவதில்லை, வெளியே விரியப் பார்க்கின்றன. அதாவது அங்கே இழுப்பு வருகிறது, இழுப்பைக் கல் தாங்காது என்று இரண்டாவது கேள்வியிலேயே பார்த்தோம். ஆகவே அடியிலிருந்து செங்குத்தாக விரிசல்கள் கிளம்பும், குவிமாடம் நிஜமாகவே சுளைகளாகப் பிரிந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு சுளையும் சாதாரண வளைவு மாதிரி அடியை வெளியே தள்ளும்.

பாந்தியன்லயே விரிசல் இருக்காமே, அப்புறம் எப்படி 1900 வருஷமா நிக்குது?

கீழ்ப்பாதியில் அப்படிப்பட்ட செங்குத்து விரிசல்கள் உண்டு, மேலே சொன்ன காரணம்தான். அது நிற்பதற்குக் காரணம் விரிசலுக்குப் பிறகும் தள்ளலைத் தாங்க ஆள் இருப்பது. 43.3 மீட்டர் அகலக் குவிமாடத்துக்கு ஏறக்குறைய 6 மீட்டர் தடிமனில் வட்டச் சுவர். கான்கிரீட்டில் கலந்த கல்லும் கீழே கனமானது, மேலே போகப் போக இலேசானது, உச்சியருகே நுரைக்கல். குவிமாடத்தின் தடிமனும் அடியில் பெருத்து மேலே மெலிகிறது. வெளியே தோளில் படிப்படியாக இருக்கும் வளையங்கள் சுவர் மேல் எடை கூட்டுகின்றன, முட்டுச்சுவர் சிகரங்களைப் பற்றி முன்பே சொன்ன அதே வேலை.

இரும்புச் சங்கிலி சுத்திக் கட்டின குவிமாடம்னு சொல்றாங்களே, அது வேலை செய்யுதா?

செய்கிறது, அதற்கு நன்றாக ஆவணப்படுத்திய கதை ரோமின் புனித பேதுரு பேராலயம். 1590-ல் முடிந்த அந்தக் குவிமாடத்தின் அடியில் ஏற்கெனவே இரும்பு வளையங்கள் இருந்தன. 18-ஆம் நூற்றாண்டில் விரிசல்கள் பெரிதாகத் தெரியவே, 1742-ல் மூன்று கணித அறிஞர்கள் ஆராய்ந்தார்கள், பிறகு ஜொவான்னி பொலேனி என்ற இத்தாலியக் கணித அறிஞர் அழைக்கப்பட்டார். பொலேனி செய்த வேலை அருமை. குவிமாடத்தை மனதில் 50 சுளைகளாக வெட்டி, ஒரு சுளை ஜோடியின் எடைப் பரவலுக்கு ஏற்றபடி வெவ்வேறு எடையில் 32 குண்டுகளைக் கோத்து ஒரு நூலில் தொங்கவிட்டார். அது தொங்கிய வடிவத்தைத் தலைகீழாக்கிக் குவிமாடத்தின் வெட்டுப் படத்தில் வைத்தால் கோடு தடிமனுக்குள்ளேயே ஓடியது. ஹூக் சொன்னது இங்கே சோதனையானது. விரிசலோடும் குவிமாடம் நிற்கும், ஆனால் அடி மேலும் விரியாமல் இருக்க வளையங்கள் போடலாம் என்பது அவர் முடிவு. 1743-44-ல் ஐந்து வளையங்கள் போடப்பட்டன. பிறகு பழைய வளையம் ஒன்று அறுந்திருப்பது தெரியவந்து ஆறாவதும் சேர்ந்தது.

வளையத்தில் வரும் இழுப்பைக் கணக்கிடுவது சுலபம்: அடியில் ஒரு மீட்டருக்கு எவ்வளவு தள்ளலோ, அதை ஆரத்தால் பெருக்க வேண்டும். மீட்டருக்கு 2 டன் தள்ளல், ஆரம் 5 மீட்டர் என்றால் வளையத்தில் 10 டன் இழுப்பு. இன்றைய கான்கிரீட் குவிமாடங்களின் அடியில் கம்பி போட்ட தடித்த வளைய உத்திரம் இருப்பது இதற்காகத்தான், 10 டன்னுக்கு 16 மி.மீ. கம்பி நான்கு இருந்தால் சரியாக வரும்.

கம்பி போட்ட கான்கிரீட் வளைவுக்குத் தள்ளல் கிடையாதுதானே?

உண்டு. தள்ளல் வடிவத்திலிருந்து வருகிறது, பொருளிலிருந்து இல்லை. மூன்றாவது கேள்வியின் கணக்கில் கல் என்ற சொல்லே எங்கும் வேலை செய்யவில்லை என்பதைத் திரும்பப் பாருங்கள். ஒரு முனையை உருளை மேல் வைத்து நகர விட்டால் தள்ளல் போய்விடும், ஆனால் அப்போது அது வளைவாக வேலை செய்யாது, வளைந்த உத்திரமாகிவிடும், அடியில் இழுப்பு வந்து கம்பிகள் முழுவதையும் தாங்க வேண்டியிருக்கும். கல்லில் அதைச் செய்தால் உடனே விழும், கான்கிரீட்டில் செய்தால் கம்பி அதிகம் பிடிக்கும். ஜன்னல் மேல் அலங்காரத்துக்காக வார்க்கும் சின்ன வளைவுகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட வளைந்த உத்திரங்கள்தான்.

வளைவுக்குக் குறுக்கே போற இரும்புக் கம்பி பார்க்க நல்லா இல்ல, எடுத்துடலாமா?

எடுக்காதீர்கள். சுவர் மெலிதாக இருந்து கம்பியும் இருந்தால், அந்தக் கட்டடம் கம்பியை நம்பித்தான் நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கம்பியைத் தட்டிப் பார்த்தால் மணி மாதிரி கணீரென்று ஒலித்தால் இறுக்கமாக இழுபட்டிருக்கிறது. மந்தமான ஒலி வந்து கம்பி தளர்ந்து தொங்கினால் இரண்டு காரணம் இருக்கலாம்: சுவர் ஏதோ ஒரு வழியில் தானே தாங்கிக்கொண்டிருக்கிறது, அல்லது சுவருக்குள் இருக்கும் கம்பியின் முனைப் பிடிமானம் துருவேறி விட்டுப்போய்விட்டது. இரண்டாவது நிலையில் தள்ளல் இப்போது சுவரின் மேல்தான் இருக்கிறது. வெளிப்புறம் போய்ச் சுவரின் உச்சிக்கு ஒரு தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டால் சுவர் வெளியே சாய்ந்திருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கட்டாயம் மாற்றத்தான் வேண்டுமென்றால் வரிசை முக்கியம்: முதலில் வளைவுக்கு அடியில் சென்டரிங் போட்டுத் தாங்க வேண்டும், அப்புறம் புதிய கம்பியைப் பொருத்தித் திருகாணியால் இறுக்க வேண்டும், பழையதை அறுப்பது அதற்கும் பிறகு. வளைவை ஒட்டிய பக்கச் சுவரில் புதிதாகக் கதவு திறக்க நினைப்பவர்களுக்கும் இதே வரிசைதான், அந்தச் சுவரின் எடைதான் தள்ளலைப் பிடித்து வைத்திருக்கிறது.